கலீஃபாக்களின் சம்பளப் பதிவேடு: நூறே ஆண்டில் மூன்று கண்டங்கள் ஒரே ஆட்சியில் வந்த கதை

கி.பி. 632-ல் முகமது நபி மதீனாவில் காலமானபோது அவருடைய ஆட்சி அரேபியத் தீபகற்பத்துக்குள்தான் இருந்தது. சரியாக நூறு வருடம் கழித்து, 732-ல், அவருக்குப் பின் வந்த கலீஃபாக்களின் படை ஒன்று பிரான்சில் புவாத்தியே நகரத்துப் பக்கம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது, அதே சமயம் சிந்து நதிக்கரையிலும் அதே அரசின் ஆளுநர் இருக்கிறார். நடுவில் சிரியா, ஈராக், ஈரான், எகிப்து, வட ஆப்பிரிக்கா, ஸ்பெயின் எல்லாமே டமாஸ்கஸில் இருக்கும் ஒருவரின் பெயரால் ஆளப்படுகின்றன.

இதைக் கேட்டவுடன் எல்லோரும் போர்க்களத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். எந்தத் தளபதி, எந்தப் போர், எத்தனை பேர் என்று. அதுவும் தேவைதான், ஆனால் ஒரு நாட்டைப் பிடிப்பது வேறு, பிடித்த நாட்டை வைத்துக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போவது வேறு. இதே காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வாண்டல்களும் கோத்துகளும் ரோமப் பேரரசின் மேற்குப் பகுதியைப் பிடித்தார்கள். பிடித்த இடத்தில் நிலத்தை எடுத்துக்கொண்டு குடியேறினார்கள், படைவீரர்கள் நிலக்கிழார்கள் ஆனார்கள், ரோமானியர்கள் வைத்திருந்த வரி அமைப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோனது. அரபுப் படைகளுக்கு அப்படி ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை, அதற்கு எகிப்தையே முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கேதான் பாப்பிரஸ் தாளில் எழுதிய அன்றைய அலுவலகக் கடிதங்களும் ரசீதுகளும் வறண்ட மணலில் கெடாமல் கிடைத்திருக்கின்றன.

முதலில் பின்னணி. நபிக்குப் பின் யார் என்பது முன்கூட்டியே எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயமாக இல்லை. மதீனாவில் கூடிய கூட்டத்தில் அபூபக்கர் தலைவரானார், அவர்தான் முதல் கலீஃபா. அவர் பொறுப்பேற்றதுமே அரேபியாவில் பல குலங்கள், எங்கள் ஒப்பந்தம் நபியோடுதான், அவரே போய்விட்டார், இனி மதீனாவுக்கு ஜகாத் என்ற கட்டாயக் கொடையை அனுப்ப மாட்டோம் என்று விலகின. ஒட்டகத்தைக் கட்டும் ஒரு கயிற்றைக் கொடுக்க மறுத்தாலும் போர் செய்வேன் என்று அபூபக்கர் சொன்னதாக மரபில் வருகிறது. அவர் இரண்டு வருடம்தான் ஆட்சியில் இருந்தார், ஆனால் அந்த இரண்டு வருடத்தில் தீபகற்பம் முழுக்க மதீனாவின் கீழ் வந்தது. ஜகாத் வெறும் தர்மமாக மட்டும் இருந்திருந்தால் அதற்காகப் போர் வந்திருக்காது. அது ஒரு மையத்துக்குப் போய்ச் சேர வேண்டிய வரி என்பது அங்கே முடிவானது, அரசு என்ற ஒன்று அங்கேதான் பிறந்தது என்று நான் நினைக்கிறேன்.

அடுத்து, எதிரில் இருந்தவர்களின் நிலைமை. பைஸாந்தியப் பேரரசும் பாரசீகத்தின் சாசானியப் பேரரசும் 602 முதல் 628 வரை ஒன்றையொன்று அடித்துக் களைத்திருந்தன. பாரசீகர்கள் சிரியாவையும் எகிப்தையும் பல வருடம் பிடித்து வைத்திருந்து அப்புறம் விட்டுப் போனார்கள், 628-ல் அவர்களுடைய மன்னர் இரண்டாம் குஸ்ரோ கொல்லப்பட்டார், அடுத்த நாலு வருடத்தில் அரியணைக்கு ஒருவர் பின் ஒருவராகப் பலர் வந்து போனார்கள். எகிப்திலோ கான்ஸ்டான்டிநோபிள் ஏற்ற கிறிஸ்தவக் கொள்கையை அங்குள்ள காப்டிக் திருச்சபை ஏற்கவில்லை, அதன் தலைவர் பெஞ்சமின் பல வருடமாகத் தலைமறைவாக இருந்தார். இந்த நிலையில்தான் இரண்டாவது கலீஃபா உமரின் காலத்தில் (634–644) படைகள் இரண்டு பக்கமும் போகின்றன. 636-ல் யர்மூக் போரில் பைஸாந்தியப் படை உடைகிறது, கிட்டத்தட்ட அதே சமயத்தில் காதிஸிய்யாவில் பாரசீகப் படை உடைகிறது. 639 கடைசியில் அம்ர் இப்னுல் ஆஸ் எகிப்துக்குள் நுழைகிறார், அவரோடு முதலில் வந்தவர்கள் நாலாயிரம் பேர் அளவுக்குத்தான் என்று அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள், பின்னால் இன்னும் படை வந்து சேர்ந்தது. 641-ல் பாபிலோன் கோட்டை விழுகிறது (ஈராக்கில் இருந்த பாபிலோன் வேறு, இது இன்றைய கெய்ரோவில் நைல் கரையில் இருந்த ரோமக் கோட்டை), 642-ல் அலெக்சாண்டிரியாவை பைஸாந்தியப் படை காலிசெய்கிறது.

சரி, உலகத்திலேயே வளமான நிலங்களில் ஒன்று கைக்கு வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது? வீரர்கள் கேட்டது நிலத்தைப் பங்குபோடச் சொல்லி. போரில் கிடைத்த பொருளில் ஐந்தில் ஒரு பங்கு அரசுக்கு, மீதி வீரர்களுக்கு என்பது ஏற்கெனவே இருந்த முறை, அதை நிலத்துக்கும் நீட்டினால் என்ன என்பது அவர்கள் வாதம். உமர் மறுத்தார். இன்று இருப்பவர்களுக்கே எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துவிட்டால் நாளை வருகிறவர்களுக்கு என்ன மிஞ்சும், எல்லைகளைக் காவல் காக்கிற வீரர்களுக்கு எதிலிருந்து கொடுப்பது என்பது அவர் பதில். ஈராக்கிலும் எகிப்திலும் உழுதுகொண்டிருந்தவர்களே தொடர்ந்து உழுவார்கள், வரி கட்டுவார்கள், அந்த வரி முஸ்லிம்கள் எல்லோருக்கும் பொதுவான வருமானமாக இருக்கும் என்று முடிவானது. இந்த ஒரு முடிவில்தான் மற்றது எல்லாமே தொங்குகிறது.

பொதுப் பணம் என்றால் அதை யாருக்கு, எவ்வளவு, எப்படிக் கொடுப்பது என்ற கேள்வி வரும். அதற்காக வந்ததுதான் திவான், அதாவது சம்பளம் வாங்குகிறவர்களின் பெயர்ப் பதிவேடு. உமர் இதை 640 வாக்கில் ஏற்படுத்தினார். யார் எவ்வளவு பெரிய வீரர் என்று பார்த்து இதில் தொகை போடவில்லை, யார் எவ்வளவு முன்னதாக இஸ்லாத்தில் சேர்ந்தார் என்பதுதான் கணக்கு. மரபாகச் சொல்லப்படும் தொகைகளில் நபியின் மனைவி ஆயிஷாவுக்கு வருடம் 12,000 திர்ஹம், 624-ல் நபியோடு பத்ர் போரில் நின்றவர்களுக்கு 5,000, அப்படியே படிப்படியாக இறங்கிக் கடைசியாகச் சேர்ந்தவர்களுக்குச் சில நூறு. மனைவிகளுக்கும் பிள்ளைகளுக்கும்கூடத் தொகை உண்டு. குழந்தைக்குப் பால்குடி மறந்த பிறகுதான் தொகை என்று முதலில் இருந்ததாகவும், அதை வாங்குவதற்காக ஒரு தாய் சீக்கிரமே பால் மறக்கடிப்பதைப் பார்த்து உமர் பதறிப்போய் பிறந்ததிலிருந்தே கொடுக்கச் சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு.

பதிவேட்டில் பெயர் இருந்தால் சம்பளம் உண்டு, ஆனால் சம்பளம் வாங்க வேண்டும் என்றால் நீங்கள் படை தங்கும் ஊரில் இருக்க வேண்டும். இதற்காகவே புதிய படை நகரங்கள் கட்டப்பட்டன: ஈராக்கில் பஸ்ரா, கூஃபா, எகிப்தில் ஃபுஸ்தாத். எகிப்தின் பழைய தலைநகரம் கடலோர அலெக்சாண்டிரியா. அம்ர் அங்கேயே தங்க நினைத்ததாகவும், எனக்கும் என் படைக்கும் நடுவில் தண்ணீர் குறுக்கே நிற்கக் கூடாது என்று உமர் மறுத்ததாகவும் சொல்வார்கள். அதனால் பாபிலோன் கோட்டைக்குப் பக்கத்தில் ஃபுஸ்தாத் எழுந்தது. குலம் குலமாக மனை ஒதுக்கி, நடுவில் மசூதியும் ஆளுநர் வீடும் வைத்து. வீரர்கள் கிராமங்களுக்குள் சிதறவில்லை, விவசாயம் செய்யக் கூடாது என்றே உமர் தடுத்ததாக மரபுச் செய்திகள் சொல்கின்றன. ஒரே இடத்தில், மாதமும் வருடமும் கணக்குப் பார்த்துச் சம்பளம் வாங்கிக்கொண்டு, எப்போது கூப்பிட்டாலும் கிளம்பத் தயாரான படை. குலங்களாகப் பிரிந்து ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்த மக்கள், இப்போது ஒரே பதிவேட்டின் பக்கங்களில் வந்துவிட்டார்கள், குலத் தலைவனைவிட சம்பளம் போடுகிற ஆளுநர் முக்கியமானவராகிவிட்டார்.

அப்படியானால் வரியை யார் வசூலித்தது? முன்பு வசூலித்தவர்களேதான். இதைச் சொன்னால் நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் கையில் ஆதாரமே இருக்கிறது. வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஒரு பாப்பிரஸ் ரசீது இருக்கிறது, ஹிஜ்ரி 22, அதாவது 643 ஏப்ரல் மாதத்தியது. எகிப்து கைமாறி ஒன்றரை வருடம்கூட ஆகாத நேரம். அப்துல்லாஹ் என்ற படைத்தலைவர் தன் ஆட்களோடு ஹெராக்ளியோபோலிஸ் ஊருக்கு வந்து உணவுக்காக 65 ஆடுகள் வாங்கியிருக்கிறார், அதற்கு அவ்வூரின் கிறிஸ்தவ அதிகாரிகளான கிறிஸ்டோஃபோரஸ், தியோடரக்கியோஸ் இருவருக்கும் கொடுத்த ரசீது அது. முதலில் கிரேக்கத்தில், கீழே அரபியில். கிரேக்கப் பகுதியை எழுதியவர் யோவான் என்ற ஒரு கிறிஸ்தவத் திருத்தொண்டர். எண்ணிக்கையைச் சொல்லி, அறுபத்தைந்துதான், அதற்கு மேல் இல்லை என்று திரும்பவும் எழுதியிருக்கிறார், அரபிப் பகுதியோ வெட்டுவதற்கு ஐம்பது, அதுபோக மற்றது பதினைந்து என்று பிரித்தே சொல்கிறது.

தாளின் பின்பக்கம் இன்னும் சுவாரசியமானது. இந்த ஆடுகள் அந்த வருட வரியில் முன்பணமாகக் கழிக்கப்படும் என்று அங்கே கிரேக்கத்தில் குறித்திருக்கிறார்கள். வருடத்தைக் குறிப்பதும் ரோமப் பேரரசு வைத்திருந்த பதினைந்து ஆண்டு வரிச் சுற்றின்படி. யோசித்துப் பாருங்கள், வென்ற படை ஒன்று ஒரு ஊருக்குள் வருகிறது, ஆட்டை ஓட்டிக்கொண்டு போவதற்குப் பதிலாக ரசீது எழுதுகிறது, அந்த ரசீதை ஊர் அதிகாரி வரிக்கணக்கில் ஏற்றுகிறார். இதனால் எகிப்திய விவசாயிக்குச் சுமை குறைந்தது என்று நான் சொல்ல வரவில்லை, ஆட்டைக் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் கணக்கு உடையவில்லை. கணக்கு உடையாத இடத்தில் அடுத்த வருடமும் வரி வரும், அந்த வரியில் ஃபுஸ்தாத்தின் படைக்குச் சம்பளம் போகும், அந்தப் படை மேற்கே லிபியாவுக்கும் அதைத் தாண்டியும் போகும். எகிப்தின் தானியமும் முன்பு கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கப்பலேறியது, இப்போது தூர்ந்து கிடந்த பழைய கால்வாயை அம்ர் திரும்ப வெட்ட, நைலிலிருந்து செங்கடல் வழியாக மதீனா பக்கம் போக ஆரம்பித்தது.

இந்த ஏற்பாட்டிலேயே பெரிய ஓட்டையும் இருந்தது. வரிப்பணம் வசூலான மாகாணத்துக்கா, மதீனாவுக்கா? வீரர்கள், நாங்கள் பிடித்த நாடு, இதன் வருமானம் இங்கேயே எங்களுக்குச் செலவாக வேண்டும் என்றார்கள். மூன்றாவது கலீஃபா உஸ்மான் உபரியை மையத்துக்குக் கேட்டார், உயர்பதவிகளைத் தன் உறவினர்களுக்குக் கொடுத்தார் என்ற மனக்குறையும் சேர்ந்துகொண்டது. 656-ல் எகிப்திலிருந்தும் ஈராக்கிலிருந்தும் வந்த படைவீரர் கூட்டம் மதீனாவில் அவர் வீட்டை முற்றுகையிட்டு அவரைக் கொன்றது. அடுத்து நபியின் மருமகன் அலீ கலீஃபாவானார், உள்நாட்டுப் போர் வெடித்தது, 661-ல் அலீயும் கொல்லப்பட்டார். சிரியாவில் இருபது வருடமாக ஆளுநராக இருந்து தன் படையைக் கட்டுக்கோப்பாக வைத்திருந்த முஆவியா டமாஸ்கஸிலிருந்து ஆளத் தொடங்கினார், உமையா வம்சம் அவரோடு ஆரம்பிக்கிறது. ஷியா, சுன்னி என்று இன்றுவரை இருக்கும் பிரிவின் வேர் இந்த வருடங்களில் இருக்கிறது, அது தனியாக எழுத வேண்டிய பெரிய விஷயம்.

680-ல் கர்பலாவில் நபியின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்ட துயரத்துக்குப் பின் மறுபடியும் பத்துப் பன்னிரண்டு வருடம் உள்நாட்டுப் போர். அதிலிருந்து அரசைத் தூக்கி நிறுத்தியவர் அப்துல் மலிக் (685–705). அவர் செய்தது என்னவென்றால், இரவல் வாங்கிய அமைப்பைச் சொந்தமாக்கினார். அதுவரை ஈரான் பக்கம் ஓடிய வெள்ளிக் காசில் செத்துப்போன குஸ்ரோ மன்னரின் முகம் இருக்கும், ஓரத்தில் மட்டும் ‘பிஸ்மில்லாஹ்’ என்று அரபியில் இருக்கும். சிரியாவில் ஓடியது பைஸாந்தியக் காசைப் பார்த்து அடித்தது. 696-97-ல் புதிய பொன் தினார் வந்தது: முகமே கிடையாது, வெறும் அரபி எழுத்து, எடை சுமார் 4.25 கிராம். அதே காலத்தில் அலுவலகக் கணக்கும் ஈராக்கில் பாரசீக மொழியிலிருந்து, சிரியாவில் கிரேக்கத்திலிருந்து, சில வருடம் தள்ளி எகிப்திலும், அரபிக்கு மாறத் தொடங்கியது. கணக்கு மொழி மாறினால் எழுத்தர்கள் மாற வேண்டும் அல்லது அரபி கற்க வேண்டும். மேலே அரபுத் தளபதி, கீழே பழைய எழுத்தர் என்றிருந்த நிலை மாறி, ஆளுநரின் கண் நேராகக் கிராமம் வரைக்கும் போக ஆரம்பித்தது.

அது எப்படி இருந்தது என்பதற்கு எகிப்து ஆளுநர் குர்ரா இப்னு ஷரீக்கின் கடிதங்களைப் பார்க்கலாம். 709 முதல் சில வருடம் அவர் ஃபுஸ்தாத்தில் இருந்துகொண்டு தெற்கே அஃப்ரோடிட்டோ என்ற சிற்றூரின் அதிகாரி பசிலியோஸுக்கு எழுதியவை. படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் சம்பளம் கொடுக்கும் நேரம் வந்துவிட்டது, உன் பகுதிப் பணம் இன்னும் வரவில்லை, உடனே அனுப்பு என்று ஒன்றில் அதட்டுகிறார். இன்னொன்றில் கடற்படைக்கு மாலுமிகள் கேட்கிறார், வேறொன்றில் ஊரைவிட்டு ஓடிப்போனவர்களைப் பிடிக்கச் சொல்கிறார். ஆம், வரி தாங்காமல் மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். வேலை தேடி வேறு வட்டாரத்துக்குப் போகவே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது, அப்படிப்பட்ட சீட்டுகளும் பாப்பிரஸில் கிடைத்திருக்கின்றன. பேரரசின் விலையைக் கொடுத்தது இவர்கள்தான் என்பதை மறந்துவிட்டு வெற்றிகளை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதே வருடங்களில்தான் எல்லை அதிகபட்சமாக விரிந்தது. ஃபுஸ்தாத் செய்த வேலையை மேற்கே 670-ல் நிறுவிய கைரவான் படை நகரம் செய்தது, 698-ல் கார்த்தேஜ் விழுந்தது, 711-ல் தாரிக் இப்னு ஸியாத் கடலைக் கடந்து ஸ்பெயினுக்குள் போனார். ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் அதே சமயத்தில் முகமது பின் காசிமை சிந்துவுக்கும், குதைபாவை புகாரா, சமர்கந்து பக்கமும் அனுப்பினார். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: தாரிக்கோடு போன படையில் பெரும்பாலானவர்கள் அரபியர் இல்லை, புதிதாக இஸ்லாத்தில் சேர்ந்த வட ஆப்பிரிக்க பெர்பர்கள். இவ்வளவு தூரத்துக்கு அனுப்ப அரேபியாவில் அத்தனை ஆள் இல்லை.

அங்கேதான் பதிவேடு திணறியது. வரி கட்டும் விவசாயி இஸ்லாத்தில் சேர்ந்தால் அவர் ஜிஸ்யா என்ற தலைவரியிலிருந்து விடுபட வேண்டும், வரவு குறையும். அவரையே படையில் சேர்த்தால் சம்பளம் கொடுக்க வேண்டும், செலவு கூடும். ஹஜ்ஜாஜ் ஈராக்கில் மதம் மாறி நகரத்துக்கு வந்தவர்களைத் திரும்பக் கிராமத்துக்கே விரட்டினார். 717-ல் கலீஃபாவான இரண்டாம் உமர், மதம் மாறியவர்களிடம் ஜிஸ்யா வாங்கக் கூடாது என்று உத்தரவிட்டார், இறைவன் முகமதுவை அனுப்பியது வழிகாட்டத்தானே தவிர வரி வசூலிக்க இல்லை என்று ஒரு ஆளுநருக்கு அவர் எழுதியதாகச் சொல்வார்கள். அவர் ஆட்சி மூன்று வருடத்துக்குள் முடிந்தது. அவர் பதவிக்கு வந்த சமயத்தில் நடந்துகொண்டிருந்த கான்ஸ்டான்டிநோபிள் முற்றுகையும் 718-ல் தோற்றுப்போனது, கப்பலுக்கும் ஆளுக்கும் கொட்டிய பணம் போனதுதான்.

பிறகு வந்த கலீஃபா ஹிஷாம் காலத்தில் எகிப்தின் வரித்துறையைக் கவனித்தவர் உபைதுல்லாஹ் இப்னுல் ஹப்ஹாப். இவர் ஒவ்வொரு தினாருக்கும் ஒரு கீராத், அதாவது 24-ல் ஒரு பங்கு, வரியைக் கூட்டினார். 725-ல் காப்டிக் கிறிஸ்தவர்கள் கிளர்ச்சி செய்தார்கள், அதைப் படையை வைத்து அடக்கினார்கள். 734-ல் இவரையே வட ஆப்பிரிக்காவின் ஆளுநராக்கி கைரவானுக்கு அனுப்பினார்கள். அங்கே அவருடைய ஆட்கள், முஸ்லிம்களாகிவிட்ட பெர்பர்களையும் வென்று பிடித்த மக்களாகவே கணக்கில் வைத்தார்கள், டமாஸ்கஸ் அரண்மனைக்குப் பெர்பர் பெண்களை அடிமைகளாக அனுப்பினார்கள். போரில் எங்களை முன்னால் நிறுத்துகிறார்கள், கிடைத்ததைப் பங்கு பிரிக்கும்போது பின்னால் தள்ளுகிறார்கள் என்று முறையிட ஒரு பெர்பர் தூதுக்குழு ஹிஷாமைப் பார்க்க டமாஸ்கஸ் வரை போனது, எத்தனையோ நாள் காத்திருந்தும் அவரைப் பார்க்க முடியவில்லை என்று அரபு வரலாற்று நூல்களே பதிவுசெய்திருக்கின்றன. 740-ல் தாஞ்சியரில் மைஸரா என்பவர் தலைமையில் பெர்பர்கள் எழுந்தார்கள். அடக்குவதற்கு ஹிஷாம் அனுப்பிய பெரிய சிரியப் படை 741-ல் சிதறடிக்கப்பட்டது. கைரவானை எப்படியோ காப்பாற்றிக்கொண்டார்கள், ஆனால் இன்றைய மொரோக்கோ பகுதி அதன் பிறகு டமாஸ்கஸின் கைக்குத் திரும்பவே இல்லை. உமையாக்களின் முதுகெலும்பாக இருந்தது அந்தச் சிரியப் படைதான், அது அடிவாங்கி ஒன்பதே வருடத்தில், 750-ல், கிழக்கே குராசானிலிருந்து கிளம்பி வந்த அப்பாசியர்கள் என்ற வேறொரு வம்சத்தார் ஆட்சியைப் பிடித்தார்கள். அவர்களோடு வந்த படையிலும் அரபியரோடு சேர்ந்து, புதிதாக முஸ்லிமான ஈரானியர் நிறையப் பேர் இருந்தார்கள்.